போலீஸ் கேஸ் இருந்தால் வெளிநாடு போக முடியுமா: பி.சி.சி., விசா, வேலை மூன்றையும் எந்த வரிசையில் அணுகுவது

தமிழ்நாட்டில் ஒரு அடிதடி வழக்கிலோ குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கிலோ பெயர் ஏறி, இப்போது வெளிநாட்டு வேலைக்கோ குடியேற்றத்துக்கோ முயல்கிறவர்களுக்கான வழிகாட்டி இது. இவர்களில் பலர் முதலில் ஏஜென்டைப் பிடிக்கிறார்கள், பிறகு பி.சி.சி. எனப்படும் போலீஸ் நற்சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறார்கள், அது நின்றுபோன பிறகுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். சரியான வரிசை இதற்கு நேர் எதிரானது. வழக்கின் நிலையை அறிவது முதல் வேலை. அதை முடித்து வைத்து, முடிந்ததற்கான காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகுதான் பி.சி.சி.க்கும் விசாவுக்கும் போக வேண்டும்.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். பி.சி.சி. என்பது உங்களைப் பற்றி இந்திய அரசு சொல்வது. விசா விண்ணப்பத்தில் இருக்கும் கேள்வி உங்களிடமே கேட்கப்படுவது. இரண்டுக்கும் ஒரே பதில் வரும் என்று நினைத்துக்கொண்டு மாட்டியவர்கள் நிறையப் பேர். பி.சி.சி. சுத்தமாக வந்த பிறகும், விசா படிவத்தில் ‘ஆம்’ என்று எழுத வேண்டிய நிலை இருக்கலாம்.

1. முதலில் உங்கள் மீது என்ன இருக்கிறது என்று பாருங்கள்

‘கேஸ் இருக்கிறது’ என்ற ஒரே சொல்லில் ஐந்தாறு வெவ்வேறு நிலைகளை நம் ஊரில் அடக்கிவிடுகிறோம். ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறு.

புகார் கொடுத்ததும் ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வழக்கே அல்ல. எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் வழக்குப் பதிவாகிறது. அதன் பிறகு போலீஸ் விசாரித்து இரண்டில் ஒன்றைச் செய்யும்: குற்றப்பத்திரிகை போடும், அல்லது வழக்கை மேல் நடவடிக்கை இல்லாமல் முடித்து, புகார் கொடுத்தவருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் அனுப்பும். குற்றப்பத்திரிகையை நீதிபதி கோப்புக்கு எடுத்தால் அதற்கு சி.சி. அல்லது எஸ்.டி.சி. என்று தொடங்கும் நீதிமன்ற வழக்கு நம்பர் ஒன்று விழும். இந்த நம்பர் விழுந்த நாள்தான் பாஸ்போர்ட் சட்டத்தின் பார்வையில் முக்கியமான நாள்.

காரணம் இதுதான். 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவு, ‘குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால்’ பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்கிறது. வெறும் எஃப்.ஐ.ஆரோ விசாரணையில் இருக்கும் வழக்கோ இதற்குள் வராது, நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுத்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சகம் 10.10.2019 தேதியிட்ட குறிப்பாணையில் தெளிவாக்கியிருக்கிறது. ஆகவே உங்கள் வழக்கு எஃப்.ஐ.ஆரோடு நிற்கிறதா, சி.சி. நம்பர் விழுந்துவிட்டதா என்பதை ஊகிக்காதீர்கள். பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பார்க்க இரண்டு இடங்கள் உண்டு. eservices.tnpolice.gov.in தளத்தில் எஃப்.ஐ.ஆர். பிரதியைப் பார்க்கலாம், மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு, குற்ற எண் தெரிந்திருந்தால் வேலை சுலபம். சில வகை வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். தளத்தில் ஏற்றப்படாது. அதனால் அங்கே இல்லை என்பதை வைத்து வழக்கே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டாவது இடம் services.ecourts.gov.in. இங்கே எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்தும் பெயரை வைத்தும் தேடலாம்.

பெயர் வைத்துத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். சண்முகம் என்ற பெயர் நீதிமன்றப் பதிவில் Shanmugam என்றும் இருக்கும், Sanmugam என்றும் இருக்கும், இனிஷியல் முன்னாலும் பின்னாலும் இருக்கும். சம்பவம் நடந்த ஆண்டில் மட்டுமில்லாமல் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளிலும் தேடுங்கள். குற்றப்பத்திரிகை பெரும்பாலும் தாமதமாகத்தான் கோப்புக்குப் போகிறது. வழக்கு கிடைத்ததும் அதன் 16 எழுத்து சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி எல்லாவற்றுக்கும் அதுதான் சாவி.

அடிதடி வழக்கு என்றால் இன்னொன்றையும் தேடுங்கள். இரு தரப்பும் புகார் கொடுத்திருந்தால் அடுத்தடுத்த குற்ற எண்ணில் எதிர் வழக்கு ஒன்று இருக்கும். நீங்கள் புகார்தாரராக நினைவில் வைத்திருக்கும் சம்பவத்தில், எதிர்த் தரப்பின் வழக்கில் நீங்களே ஏ-2, அதாவது இரண்டாவது குற்றம்சாட்டப்பட்டவராக இருக்கக்கூடும்.

2. ‘ஃபைன் கட்டி முடிச்சிட்டேன்’ என்பதன் பொருள்

இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது வழக்கை முடிக்கும் வேகமான வழி. ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் சட்டத்தின் பார்வையில் அது தண்டனை. அபராதம் ஆயிரம் ரூபாய் என்றாலும் நீங்கள் தண்டிக்கப்பட்டவர்.

இந்தியாவுக்குள் இதனால் பெரிய கெடுதல் இல்லை. பாஸ்போர்ட் சட்டம் மறுப்புக்கான காரணமாகச் சொல்வது, ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகக் கடந்த 5 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர்களை மட்டுமே. வெளிநாட்டு விசா படிவம் அப்படிக் கேட்பதில்லை. தண்டனை உண்டா இல்லையா என்றுதான் கேட்கிறது. பழைய தண்டனையைப் பதிவிலிருந்து அழித்துத் தரும் பொதுவான சட்டம் இந்தியாவில் வயது வந்தவர்களுக்கு இல்லை. 18 வயதுக்குள் நடந்ததற்குத்தான் சிறார் நீதிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. நன்னடத்தைச் சட்டத்தில் விடுவிக்கப்பட்டவர்களுக்கு அந்தத் தண்டனையால் தகுதியிழப்பு வராது என்று அச்சட்டத்தின் 12-ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் அது இந்தியச் சட்டங்களின்படி வரும் தகுதியிழப்புக்கான பாதுகாப்பு. வேறு நாட்டின் படிவத்தை அது கட்டுப்படுத்தாது.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு இதற்கு மிக நல்ல எடுத்துக்காட்டு. மோட்டார் வாகனச் சட்டம் 185-இன் கீழ் முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பெரும்பாலானவர்கள் நீதிமன்றத்தில் பணத்தைக் கட்டிவிட்டு அதை ‘டிராஃபிக் ஃபைன்’ என்று மறந்துபோகிறார்கள். கனடா அதை அப்படிப் பார்க்காது. குடிபோதையில் வாகனம் ஓட்டும் குற்றத்துக்கு 18.12.2018 முதல் அங்கே அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். இந்தியாவில் நீங்கள் கட்டிய தொகை எவ்வளவு என்பதை அவர்கள் பார்ப்பதில்லை. அதே செயலுக்கு அவர்கள் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை என்ன என்று பார்க்கிறார்கள். ஆகவே அந்தத் தேதிக்குப் பிந்தைய சம்பவம் ‘கடுமையான குற்றம்’ என்ற வகைக்குள் போய்விடுகிறது. காலம் கடந்ததால் தானாக மன்னிக்கப்பட்டதாகக் கருதும் சலுகை அதற்குக் கிடைக்காது. தண்டனை முழுவதும் முடிந்து 5 ஆண்டுகள் ஆன பிறகு, அந்தக் குற்றத்தால் வரும் நுழைவுத் தடையை நீக்கக் கோரும் மறுவாழ்வு விண்ணப்பம் தனியாகப் போட வேண்டும். லைசென்ஸை நிறுத்திவைத்திருந்தால் அந்தக் காலம் முடிந்த நாளிலிருந்துதான் 5 ஆண்டுகளை எண்ணுவார்கள்.

எனவே வெளிநாடு போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், ‘ஒப்புக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிடும் தம்பி’ என்று நீதிமன்ற வாசலில் யாராவது சொல்லும்போது கையெழுத்துப் போடும் முன் யோசியுங்கள்.

3. வழக்கை எந்த வழியில் முடிப்பது

ஒரு கற்பனை எடுத்துக்காட்டோடு போவோம். மணப்பாறைப் பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒருவர். 2022-இல் ஊர்த் திருவிழாவில் தகராறு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) ஆகிய பிரிவுகளில் எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டதால் வழக்கும் முடிந்தது என்று நினைத்துவிட்டார். 2023-இல் குற்றப்பத்திரிகை போய் சி.சி. நம்பர் விழுந்தது, சம்மன் பழைய வாடகை வீட்டுக்குப் போனது. 2025-இல் குவைத்தில் வேலை கிடைத்து பி.சி.சி.க்கு விண்ணப்பித்தபோதுதான் ‘பாதகமான அறிக்கை’ என்று வந்தது.

ஈகோர்ட்ஸ் தளத்தில் பார்த்தபோது கைது வாரன்ட் நிலுவையில் இருந்தது. அவருடைய முதல் வேலை, வக்கீலோடு அந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆஜராகி வாரன்ட்டை ரத்து செய்யும் மனுப் போடுவது. வாரன்ட் நிற்கும்வரை வேறு எந்த மனுவுக்கும் நல்ல காது கிடைக்காது. பாஸ்போர்ட் சட்டத்திலும் வாரன்ட் என்பது தனியான ஒரு மறுப்புக் காரணம்.

அடுத்து, எதிர்த் தரப்போடு உண்மையிலேயே சமாதானமாகிவிட்டதால் சமரசம். இங்கே பலருக்குத் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. அடித்துக் காயப்படுத்தியதற்கான 323-உம் மிரட்டியதற்கான 506(1)-உம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே சமரசம் செய்யக்கூடிய பிரிவுகள். அப்படிச் செய்தால் விடுதலை ஆனதற்குச் சமம். ஆனால் ஆபாசமாகத் திட்டியதற்கான 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை. நம் ஊர் அடிதடி எஃப்.ஐ.ஆர்.களில் இந்த மூன்றும் ஒன்றாகவே வரும் என்பதால், இரண்டு பிரிவுகள் தீர்ந்து ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். ‘காம்ப்ரமைஸ் ஆகிடுச்சு’ என்று கிளம்பிப்போனவருக்கு அந்த மிச்சப் பிரிவால் மறுபடியும் பி.சி.சி. நிற்கும்.

இதற்கு வழி உயர் நீதிமன்றத்தில் வழக்கையே ரத்து செய்யக் கோரும் கிரிமினல் ஓ.பி. மணப்பாறை திருச்சி மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482; 1.7.2024-இல் புதிய சட்டங்கள் வந்த பிறகு, அதன் இடத்தில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 528. இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனு, இருவரின் அடையாள அட்டை ஆகியவை தேவை. புகார்தாரர் நேரில் வந்து தம் விருப்பத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். இப்படிப்பட்ட தனிப்பட்ட தகராறுகளைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 2012-இல் உறுதிப்படுத்தியது. கொலை, பாலியல் வன்கொடுமை போன்றவற்றுக்கு இந்தக் கதவு திறக்காது.

மனுவில் உங்கள் பெயர் மட்டும் இருந்தால், ரத்து உங்களுக்கு மட்டும்தான் என்று உத்தரவு வரலாம். உடன் குற்றம்சாட்டப்பட்ட தம்பிக்கும் நாளை பாஸ்போர்ட் தேவைப்படும் என்றால் அவரையும் இதே மனுவில் சேர்த்துவிடுவது செலவு குறைவு.

எதிர்த் தரப்பு சமரசத்துக்கு வராவிட்டால் மிச்சமிருப்பது விசாரணையை நடத்தி விடுதலை பெறுவது. காலம் ஆகும். அதற்குள் பாஸ்போர்ட் காலாவதியாகிறது என்றால், வழக்கு நடக்கும் நீதிமன்றத்திலேயே வெளிநாடு செல்ல அனுமதி கேட்கலாம். 25.8.1993 தேதியிட்ட ஜி.எஸ்.ஆர். 570(இ) அறிவிக்கையின்படி, அந்த உத்தரவைக் காட்டினால் பாஸ்போர்ட் தருவார்கள். மனுவில் கால அளவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். உத்தரவில் காலம் எழுதப்படவில்லை என்றால் ஓர் ஆண்டுக்கான பாஸ்போர்ட்தான் கிடைக்கும். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு வேலைக்குப் போகிறவருக்கு அது போதாது.

4. உத்தரவு வந்ததோடு வேலை முடியவில்லை

விடுதலையோ ரத்தோ கிடைத்த பிறகும் பி.சி.சி. நிற்பதற்கு முக்கியக் காரணம், போலீஸின் கணினிப் பதிவில் வழக்கு இன்னும் நிலுவை என்றே இருப்பதுதான். நீதிமன்றம் முடித்ததைக் காவல் நிலையம் தானாகத் திருத்திக்கொள்ளும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

நகல் மனுப் போட்டு, உத்தரவின் சான்றிட்ட நகலைக் குறைந்தது மூன்று வாங்குங்கள். ஒன்றை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கொடுத்து, அங்கே சி.சி. முடிக்கப்பட்டதாகப் பதிவாகிறதா என்று ஈகோர்ட்ஸில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதன் ஜெராக்ஸை ஒரு மனுவோடு சேர்த்துக் காவல் நிலையத்திலும் எஸ்.பி. அலுவலகத்திலும், அதாவது மாவட்டக் குற்ற ஆவணக் காப்பகம் இயங்கும் இடத்திலும் கொடுத்து, இரண்டிலும் ஒப்புகைச் சீல் வாங்குங்கள். மற்ற இரண்டு சான்றிட்ட நகல்களும் உங்களிடமே இருக்கட்டும், விசாவுக்குத் தேவைப்படும்.

எஃப்.ஐ.ஆரோடு நின்ற வழக்குக்கும் இதே வேலை உண்டு. மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று ஸ்டேஷனில் வாய்வார்த்தையாகச் சொன்னால், இறுதி அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய் ஏற்கப்பட்டதா என்று கேட்டு அதன் நகலை வாங்குங்கள்.

5. இப்போது பி.சி.சி.க்கு விண்ணப்பியுங்கள்

passportindia.gov.in தளத்தில் உள்நுழைந்து `Apply for Police Clearance Certificate` என்பதைத் தேர்வு செய்யுங்கள். கட்டணம் 500 ரூபாய். பாஸ்போர்ட் சேவை மையத்திலோ தபால் அலுவலகப் பாஸ்போர்ட் மையத்திலோ நேரம் வாங்கி, அசல் பாஸ்போர்ட், அதன் முதல் இரண்டு, கடைசி இரண்டு பக்கங்களின் நகல், தற்போதைய முகவரிச் சான்று ஆகியவற்றோடு போக வேண்டும். பாஸ்போர்ட், குடியேற்ற அனுமதி தேவைப்படும் இ.சி.ஆர். வகையாக இருந்தால் வேலை ஒப்பந்தமும் கேட்பார்கள்.

தமிழ்நாடு காவல்துறை தன் தளத்தில் தனியாக ஒரு சரிபார்ப்புச் சான்றிதழ் தருகிறது. உள்ளூர் வேலைக்கும் வாடகை வீட்டுக்கும் அது சரி. வெளிநாடுகள் கேட்பது பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி.யை. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணமும் நாளும் இழப்பது அடிக்கடி நடக்கிறது.

சான்றிதழில் நாட்டின் பெயர் எழுதப்படும். அந்நாட்டு விசா உள்ளிட்ட பயண வசதிகளுக்குத் தகுதியிழக்கச் செய்யும் பாதகமான தகவல் எதுவும் இல்லை என்பதே அதன் வாசகம். குவைத்துக்கு வாங்கியதைக் கனடாவுக்குக் காட்ட முடியாது என்பது இதனால்தான்.

படிவத்தில் நிலுவை வழக்கு பற்றிய கேள்விக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தகவலை மறைப்பதே பாஸ்போர்ட் சட்டம் 12-ஆவது பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம். வழக்கு முடிந்திருந்தால் கேள்வி ‘நிலுவையில் உள்ளதா’ என்பதுதான். ‘இல்லை’ என்பதே உண்மையான பதில். விசாரிக்க வரும் காவலரிடம் உத்தரவு நகலை நீங்களாகவே கொடுத்துவிடுங்கள். அவர் கணினியில் பழைய பதிவு தெரிந்தாலும், எழுதும் அறிக்கையில் முடிந்த விவரம் சேர்ந்துவிடும்.

அதையும் மீறி பாதகமான அறிக்கை போனால் பாஸ்போர்ட் அலுவலகம் விளக்கம் கேட்கும். அப்போது போனில் கெஞ்சிப் பயனில்லை. குறித்த காலத்துக்குள் எழுத்துமூலம், உத்தரவு நகலோடு பதில் கொடுங்கள். போலீஸ் என்ன எழுதினார்கள் என்று தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சில நேரம் அது வேறொரு ஆளின் வழக்காக இருக்கும்: அதே பெயர், அதே ஊர், தந்தை பெயர் மட்டும் வேறு. அந்த எஃப்.ஐ.ஆரை எடுத்து, தந்தை பெயரும் வயதும் பொருந்தாததைக் காட்டினால் தீரும்.

வழக்கு உண்மையிலேயே நிலுவையில் இருக்கிறது, பி.சி.சி. தர மறுக்கிறார்கள் என்றால் ரிட் மனு ஒரு வழி. எஃப்.ஐ.ஆர். இருக்கும் ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது, வழக்கின் விவரத்தைக் குறிப்பிட்டுத் தர வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2024-இல் ஒரு கனடா விண்ணப்பதாரர் வழக்கில் சொன்னது. கனடா அதிகாரி அந்தக் குறிப்பைப் படித்து முடிவெடுப்பார். வளைகுடா நிறுவனம் பெரும்பாலும் படிக்கவே செய்யாது. சுத்தமான சான்றிதழ் வைத்திருக்கும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளும்.

6. விசா படிவத்தின் கேள்வியைச் சொல்லுக்குச் சொல் படியுங்கள்

எல்லா நாட்டுக் கேள்வியும் ஒன்றல்ல. சொற்களில் இருக்கும் வேறுபாடே உங்கள் பதிலை மாற்றும்.

அமெரிக்காவின் டி.எஸ்.160 படிவம், எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா அல்லது தண்டிக்கப்பட்டதுண்டா, பின்னர் மன்னிப்புக் கிடைத்திருந்தாலும் சொல்க என்று கேட்கிறது. கனடா இன்னும் அகலமாகக் கேட்கிறது: எந்த நாட்டிலாவது குற்றம் செய்ததுண்டா, கைதானதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா, தண்டிக்கப்பட்டதுண்டா. ஆகவே நம் மணப்பாறைக்காரருக்கு வழக்கு ரத்தாகி, பி.சி.சி. சுத்தமாக வந்த பிறகும், நாளை கனடாவுக்கு விண்ணப்பித்தால் பதில் ‘ஆம்’. அவர் கைதாகி ஜாமீனில் வந்தவர், அவர் மேல் குற்றப்பத்திரிகையும் இருந்தது. ரத்தான வழக்கு அவரை நுழையத் தகுதியற்றவராக ஆக்காது. ஆனால் ‘இல்லை’ என்று எழுதினால் அது பொய்த் தகவல். அதற்குக் கனடாவில் 5 ஆண்டுத் தடை. அமெரிக்காவில் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்ததாக முடிவானால், விலக்கு கிடைத்தாலொழிய வாழ்நாள் தடை. இந்த வழக்கில் தகராறைவிட மறைப்பே பெரிய குற்றமாகிவிடுகிறது.

பிரிட்டனில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றிருந்தால் மறுப்பு கட்டாயம். அதற்குக் கீழே அதிகாரியின் முடிவு. நர்ஸ், ஆசிரியர் போன்ற வேலைகளுக்குப் போகிறவர்கள் விசாவோடு, கடந்த 10 ஆண்டுகளில் 12 மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டின் சான்றிதழும் கொடுக்க வேண்டும். சவூதியிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நர்ஸ்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள். இந்தியப் பி.சி.சி. கையில் இருக்கும், முன்பு வேலை பார்த்த நாட்டின் சான்றிதழுக்கு அந்நாட்டைவிட்டு வந்த பிறகு அலைய வேண்டியிருக்கும். முடிந்தால் கிளம்பும் முன்பே, அந்நாட்டு அடையாள அட்டை உயிரோடு இருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

7. ‘ஆம்’ என்றால் எதை இணைப்பது

ஒரு பக்கத்துக்கு மேல் போகாத விளக்கக் கடிதம். சம்பவ நாள், இடம், குற்ற எண், பிரிவுகள், முடிவு, முடிவின் தேதி; ஒவ்வொன்றுக்கும் எந்த இணைப்பு ஆதாரம் என்று எண் போட்டுக் காட்டுங்கள். யார் மேல் தப்பு, எதிராளி எப்படிப்பட்டவர் என்ற கதை வேண்டாம். அதிகாரி தீர்ப்பு எழுத உட்காரவில்லை, ஆவணம் கடிதத்தோடு பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறார்.

எஃப்.ஐ.ஆரும் குற்றப்பத்திரிகையும் தமிழில்தான் இருக்கும். முழுமையாக, சீல், கையெழுத்து இருக்கும் இடங்கள் உட்பட, தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்குங்கள். கூடவே அந்தச் சட்டப் பிரிவுகளின் ஆங்கில வாசகத்தையும் இணையுங்கள். இதை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. செய்தால் மிகவும் உதவும். 506 என்று மட்டும் பார்க்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு அது 2 ஆண்டு வரைத் தண்டனையுள்ள முதல் பகுதியா, 7 ஆண்டு வரை போகும் கொலை மிரட்டல் பகுதியா என்று தெரியாது. கனடா போன்ற நாடுகள் உங்கள் குற்றத்துக்கு இணையான தங்கள் சட்டப் பிரிவைத் தேடுவதால், வாசகம் கையில் இருந்தால் தவறான பிரிவோடு ஒப்பிடும் வாய்ப்பு குறைகிறது.

8. வேலைக்கான விண்ணப்பத்தில்

நிறுவனத்தின் படிவமும் விசா படிவமும் தனித்தனி. நிறுவனம் ‘தண்டிக்கப்பட்டதுண்டா’ என்று மட்டும் கேட்டால், ரத்தான வழக்குக்கு ‘இல்லை’ என்பது நேர்மையான பதில். கேட்காத கைது விவரத்தை வலியச் சொல்ல வேண்டியதில்லை. பிரிட்டனில் பல வேலைகளுக்குக் காலம் கடந்த பழைய தண்டனையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனை, பள்ளி வேலைகளுக்கும் நர்சிங் கவுன்சில் பதிவுக்கும் கேள்வி கடுமையாக இருக்கும். பெரிய நிறுவனங்கள் வைத்திருக்கும் பின்புலச் சரிபார்ப்பு ஏஜென்சிகள் நீதிமன்றத் தளங்களில் பெயரைப் போட்டுத் தேடுவார்கள் என்பதால், ஒன்றாம் படியில் நீங்கள் பார்த்ததை அவர்களும் பார்ப்பார்கள்.

வேலை உத்தரவு வந்த பிறகு வழக்கை முடிக்க ஓடினால் நேரம் போதாது. குவைத் நிறுவனம் உங்கள் உயர் நீதிமன்ற வாய்தாவுக்காகக் காத்திருக்காது. பி.சி.சி. கையில் வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள், ஏஜென்டுக்கு முழுப் பணமும் கொடுக்காதீர்கள். அவர் பதிவு பெற்றவரா என்று emigrate.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ‘கேஸ் இருந்தாலும் க்ளீன் பி.சி.சி. எடுத்துத் தர்றேன்’ என்று சொல்கிறவர் தருவது போலி. அது சரிபார்ப்பில் சிக்கினால் 323-க்குப் பதிலாகப் போலி ஆவண வழக்கு வந்து சேரும், அதுவும் அந்நிய நாட்டில்.

9. அனுப்பிய பிறகு

அனுப்பிய ஒவ்வொரு படிவத்தின் பிரதியையும், எந்தத் தேதியில் எந்தக் கேள்விக்கு என்ன பதில் எழுதினீர்கள் என்பதோடு சேமித்து வையுங்கள். நான்கு ஆண்டு கழித்து வேறு நாட்டுக்கோ அதே நாட்டில் நீட்டிப்புக்கோ விண்ணப்பிக்கும்போது, பழைய பதிலும் புதிய பதிலும் முரண்பட்டால் அதுவே தனிக் கேள்வியாகும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்தும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு நாட்டுக்குச் சொன்னதை இன்னொரு நாட்டுக்கு மறைத்து எழுதுவது அதனால் இன்னும் ஆபத்து. உத்தரவின் சான்றிட்ட நகல்களில் ஒன்று ஊரில், ஒன்று உங்களோடு, ஸ்கேன் செய்த பிரதி மின்னஞ்சலில் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து மறுபடியும் நகல் மனுப் போடுவதற்கு ஊரில் ஒரு வக்கீலையும் பல வார அலைச்சலையும் தேட வேண்டியிருக்கும்.